ஆபீஸ் இடம் மாறுகிறது: யாருக்கு, எப்போது, எதன் வழியாகச் சொல்வது?

அட்மின் டெஸ்க் | ஜூன் 8, காலை 10:12

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு நடுத்தர கம்பெனியில் அட்மின் வேலை பார்க்கிறேன். எங்கள் ஆபீஸ் கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாறுகிறது. லீஸில் கையெழுத்துப் போட்டது போன வெள்ளிக்கிழமை. உள் அலங்கார வேலை ஆரம்பித்துவிட்டது. ஆகஸ்ட் 17, திங்கட்கிழமை புது இடத்தில் வேலை தொடங்க வேண்டும். ஆடி கழிந்து ஆவணியில்தான் என்று எம்.டி. காலண்டர் பார்த்து முடிவு செய்த தேதி.

மொத்தம் 240 பேர். கம்பெனி ஊழியர்கள் 180, காண்ட்ராக்ட்டில் 26, செக்யூரிட்டி 14, ஹவுஸ்கீப்பிங் 11, கேப் டிரைவர்கள் 9. ஊழியர்களில் 40 பேர் நைட் ஷிப்ட்.

"ஜூலை 31 அன்று எல்லோருக்கும் ஒரு மெயில் போடு, போதும். இப்போதே சொன்னால் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்கள்" என்கிறார் எம்.டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் ஏன் என்று அவருக்குப் புரியும்படி சொல்லவும் தெரியவில்லை. எத்தனை நாள் முன்னால் சொல்வது சரி? மெயில் மட்டும் போதுமா?

---

ரெண்டாவது மாடி | ஜூன் 8, காலை 10:40

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு மாதம் முன்னால், எல்லோருக்கும் ஒரே மெயில், ஒரே நிமிடத்தில். எம்.டி.க்கு நெருக்கமானவர், தூரமானவர் என்ற பேதமே இருக்கக்கூடாது. எங்கள் ஆபீஸில் மேனேஜர்களுக்கு முதலில் சொன்னார்கள். பத்து நாள் கிசுகிசுதான் ஓடியது. கடைசியில் மெயில் வந்தபோது எல்லோரும் சிரித்தோம்.

---

கோவை கணக்கு | ஜூன் 8, காலை 11:05

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். முகவரி மாறினால் 15 நாளுக்குள் ஜி.எஸ்.டி. தளத்தில் REG-14 படிவம் போட வேண்டும். பில் புத்தகம், லெட்டர்ஹெட், வங்கி, வாடிக்கையாளர்கள் என்று எல்லா இடத்திலும் முகவரி மாற்ற வேண்டும். முதலில் இதற்கு ஒரு பட்டியல் போடுங்கள்.

---

அட்மின் டெஸ்க் | ஜூன் 8, காலை 11:20

நன்றி சார், அது அக்கவுண்ட்ஸ் கையில் இருக்கிறது. நான் கேட்பது உள்ளே இருப்பவர்களுக்குச் சொல்வது பற்றி.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 8, மதியம் 1:30

இருபது வருடமாக இந்த வேலைதான். ஏழு ஆபீஸ் இடம் மாற்றியிருக்கிறேன், அதில் இரண்டைச் சொதப்பியும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

"எத்தனை நாள் முன்னால்" என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது, மேடம். ஒரு தாளை எடுத்து, இந்தச் செய்தியைக் கேட்டதும் யார் யார் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள். அதற்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆகஸ்ட் 17-லிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தேதி தானாக வந்துவிடும்.

உங்கள் ஆபீஸில் மிக நீளமான வேலை வீடு மாற்றுவது. கிண்டியில் மின்சார ரயிலும் இருக்கிறது, மெட்ரோவும் இருக்கிறது. அதை நம்பித்தான் பலர் செங்கல்பட்டு, தாம்பரம், ஆலந்தூர் என்று வீடு பார்த்திருப்பார்கள். சோழிங்கநல்லூருக்கு இன்னும் ரயில் இல்லை, மெட்ரோ வேலை நடந்துகொண்டிருக்கிறது. பத்துப் பேராவது வீடு மாற்ற நினைப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எம்.டி. சொன்ன ஜூலை 31-ஐ வைத்துப் பாருங்கள். அது நடு ஆடி. நம் ஊரில் ஆடியில் யார் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள்? அன்று கேள்விப்பட்டவர் வீட்டுக்காரரிடம் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் ஆகஸ்ட் கடைசி. இரண்டு மாதம் என்று அக்ரிமெண்டில் இருந்தால் செப்டம்பர் கடைசி. அதாவது ஒருவர்கூட ஆகஸ்ட் 17-க்கு முன்னால் மாற முடியாது.

இந்த வாரமே, ஜூன் 10 அன்று சொன்னால்? ஜூன் 15-க்குள் நோட்டீஸ் கொடுக்கிறார், ஜூலை 15-க்குள் காலி செய்கிறார். ஆடி பிறப்பது ஜூலை 17. கழுத்தைப் பிடிக்கிற கணக்குதான், ஆனால் நடக்கும். ஜூன் கடைசிக்குத் தள்ளினால் இதுவும் போய்விடும். காகிதத்தில் பத்து வாரம் இருப்பதுபோல் தெரியும். வீடு மாற்றுகிறவருக்கு உண்மையில் இருப்பது ஐந்து வாரம்.

பள்ளிக்கூடம் பற்றிச் சொல்ல வேண்டாம். ஜூனில் திறந்தாகிவிட்டது. பிள்ளைகளை மாற்ற வேண்டியவர்களுக்கு மார்ச்சிலேயே தெரிந்திருக்க வேண்டும், அந்த வண்டி போய்விட்டது. அவர்களிடம் அதை நேராக ஒப்புக்கொண்டு, இந்தக் கல்வியாண்டு முடியும் வரை கேபில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று எம்.டி.யிடம் இப்போதே கேட்டு வையுங்கள். முதல் நாளே வரும் கேள்வி அது.

---

சட்டம் படித்தவன் | ஜூன் 8, மதியம் 2:15

சட்டப்படியே 21 நாள் நோட்டீஸ் கட்டாயம். முன்பு தொழில் தகராறு சட்டம் 9-ஏ பிரிவு. புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள். இடம் மாற்றத்தை அதற்குக் குறைவாக அறிவித்தால் கம்பெனி பக்கம் கேஸ் நிற்காது.

---

திருப்பூர் ஹெச்ஆர் | ஜூன் 8, மாலை 3:02

தம்பி, 21 நாள் என்பது சரி, எதற்கு என்பதில் கொஞ்சம் பிசகு. எந்தெந்த மாற்றத்துக்கு அந்த நோட்டீஸ் என்று அட்டவணையில் தனியாகப் பட்டியல் உண்டு. சம்பளம், படிகள், வேலை நேரம், ஷிப்ட் மாற்றம், விடுப்பு மாதிரி. ஆபீஸ் முகவரி மாறுவது என்று அதில் எதுவும் இல்லை. ஆனால் இடம் மாறும்போது கூடவே வேலை நேரத்தையும் மாற்றினாலோ, போக்குவரத்துப் படியை நிறுத்தினாலோ அது உள்ளே வந்துவிடும். அதுவும் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு. ஐ.டி. ஊழியர் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிற விஷயம். வக்கீலைக் கேட்பது நல்லது.

அட்மின் மேடம், நேரம் மாறுகிறதா?

---

அட்மின் டெஸ்க் | ஜூன் 8, மாலை 3:30

ஐயோ, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். ராஜீவ் காந்தி சாலை டிராஃபிக்குக்காக 9:30-ஐ 8:30 ஆக்கலாமா என்று பேச்சு ஓடுகிறது. இன்னும் முடிவாகவில்லை.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 8, மாலை 4:10

அப்படியானால் அதை இந்த அறிவிப்புக்குள் நுழைக்காதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். "வேலை நேரம் பற்றி ஜூலை 3-க்குள் சொல்கிறோம்" என்று ஒரு வரி. முடிவாகாததை முடிவாகவில்லை என்றும், எப்போது முடிவாகும் என்றும் எழுதுங்கள். தேதி இல்லாமல் "விரைவில் தெரிவிக்கப்படும்" என்று எழுதினால், அதைப் படிக்கிறவர் ஏதோ கெட்ட செய்தியை ஒளிக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஜூலை 3-ம் சும்மா போட்டதில்லை. அன்று சொன்னால் ஆகஸ்ட் 17-க்கு 45 நாள் இருக்கும், 21 நாள் விஷயம் வந்தாலும் இடிக்காது.

ரெண்டாவது மாடி நண்பர் சொன்னதில் பாதி சரி. ஒரே நாள் என்பது சரி. ஒரே நிமிடம் என்பது சரியில்லை. மெயில் வந்த அடுத்த நிமிடம் டீம் முழுக்கத் தங்கள் மேனேஜர் முகத்தைத்தான் பார்க்கும். அவரும் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தால் "எனக்கே இப்பத்தான் தெரியும்பா" என்பார். அந்த ஒரு வாக்கியம் போதும், மொத்த மெயிலையும் கெடுத்துவிடும். மேனேஜர்களை காலை 11 மணிக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள், பதில் தெரியாத கேள்விகளை அங்கேயே பொறுக்கிக்கொள்ளுங்கள். மாலை 3 மணிக்கு எல்லோருக்கும் மெயில். நான்கு மணி நேரம் ரகசியம் தாங்கும். அவர் ஆபீஸில் நடந்ததுபோல் பத்து நாள் தாங்காது.

கிழமையும் பாருங்கள். வெள்ளி மாலை போட்டால் சனி, ஞாயிறு முழுக்க வாட்ஸ்அப்பில் கதை கட்டுவார்கள், பதில் சொல்ல ஆபீஸில் ஆள் இருக்க மாட்டார். புதன்கிழமை போட்டால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கேள்விக்குக் கிடைக்கும்.

---

நைட்ஷிப்ட் நரி | ஜூன் 8, இரவு 11:48

உங்கள் மாலை 3 மணி எனக்கு நள்ளிரவு மாதிரி. போன வருடம் எங்கள் ஆபீஸில் மாடி மாறியபோது மாலை 4 மணிக்கு டவுன்ஹால் வைத்தார்கள், பப்ஸ் எல்லாம் கொடுத்தார்களாம். நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். ராத்திரி கேபில் ஏறியதும் டிரைவர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், வண்டி நிறுத்தும் இடம் மாறுவதாக அவருடைய சூப்பர்வைசர் முந்தின வாரமே சொல்லிவிட்டாராம். கம்பெனியில் வேலை செய்கிற எங்களைவிட வண்டி ஓட்டுகிறவருக்கு முதலில் தெரிகிறது.

---

திருப்பூர் ஹெச்ஆர் | ஜூன் 9, காலை 9:15

நைட்ஷிப்ட் தம்பி சொல்வது எனக்கும் நடந்தது, தலைகீழாக. நான் இருந்த ஒரு பனியன் யூனிட்டில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தை மாற்றினோம். தமிழ், இந்தி, ஒடியா என்று மூன்று மொழியில் நோட்டீஸ் அடித்து, பத்து நாள் முன்னாலேயே மெயின் கேட்டில் ஒட்டினோம். மாற்றிய அன்று காலை 34 பேர் பழைய இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். என்ன ஆனது என்றால், அந்த பஸ்ஸில் வருகிறவர்கள் மெயின் கேட் வழியாக வருவதே இல்லை. பஸ் பின் கேட்டுக்குள் நேராகப் போய்விடும். மூன்று மொழியில் எழுதத் தெரிந்த எங்களுக்கு அவர்கள் எந்த வாசல் வழியாக வருகிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்த முறை பேப்பரே ஒட்டவில்லை. பஸ்ஸுக்குள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு அட்டை, ஹாஸ்டல் வார்டன் அக்கா ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இரண்டு நாள் சொன்னார். ஒருவர்கூடத் தவறவில்லை.

---

மேனேஜர் பக்கம் | ஜூன் 9, காலை 10:30

எல்லோரும் சீக்கிரம் சொல்லச் சொல்கிறீர்கள். நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். எங்கள் நிறுவனம் மூன்று மாதம் முன்னால் தேதியோடு அறிவித்தது. பில்டிங்கில் தீயணைப்புச் சான்று வரத் தாமதம், ஏ.சி. வேலை தாமதம் என்று ஆறு வாரம் தள்ளிப் போனது. அதற்குள் என் டீமில் இரண்டு பேர் புது இடத்துக்குப் பக்கத்தில் வீடு மாறிவிட்டார்கள். ஆறு வாரம் எதிர்த் திசையில் வந்து போனார்கள். அவர்கள் முகத்தில் நான்தான் விழிக்க வேண்டியிருந்தது. எம்.டி. பயப்படுவது முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 9, மதியம் 12:20

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். நான் சொதப்பிய இரண்டில் ஒன்று இதே கதை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. இடத்தை உறுதியாகச் சொல்வேன், லீஸ் கையெழுத்தாகிவிட்டதால் அது மாறாது. தேதியை "ஆகஸ்ட் 17-க்கு முன்னால் மாற மாட்டோம்" என்று சொல்வேன். உறுதித் தேதியை ஜூலை 17 அன்று அறிவிப்போம் என்பேன், ஏனென்றால் அதற்குள் மின்சாரம், ஏ.சி., நெட் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வீடு தேடுகிறவருக்கு முதலில் வேண்டியது இடம்தான். தள்ளிப் போனால் அவர் நஷ்டப்படுவார் என்பது உண்மை, ஆனால் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கும். உங்கள் இரண்டு பேருக்கும் ஆறு வாரத்துக்கு கேப் கொடுத்தார்களா?

---

மேனேஜர் பக்கம் | ஜூன் 9, மதியம் 12:45

கொடுக்கவில்லை. "முன்னாலேயே மாறியது அவர்கள் விருப்பம்" என்றார்கள். நீங்கள் சொல்கிற வாசகம் இருந்திருந்தாலும் அவர்கள் மாறித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். இதில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை.

---

ரெண்டாவது மாடி | ஜூன் 9, மதியம் 1:10

எம்.டி.யின் பயம் பற்றி யாரும் பேசவில்லையே? ஆட்கள் போய்விட்டால்?

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 9, மதியம் 1:50

போகிறவர்கள் எப்போது சொன்னாலும் போவார்கள், தூரம் மாறப் போவதில்லையே. எப்போது போவார்கள் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலும் 60 நாள் நோட்டீஸ் இருக்கும். ஜூன் 10 அன்று கேட்டு, யோசித்து, ஜூன் கடைசியில் ராஜினாமா கொடுத்தால் ஆகஸ்ட் கடைசியில் போவார். புது ஆள் எடுக்க இரண்டு மாதம், எடுக்கும்போதே சோழிங்கநல்லூருக்கு வரத் தயாரானவரை எடுக்கலாம். ஜூலை 31 அன்று கேட்டவர் இடம் மாறும் வாரத்தில் ராஜினாமா கொடுப்பார். பெட்டி கட்டுவது, சீட் போடுவது, வாடிக்கையாளர் போன் எல்லாம் ஒன்றாக நடக்கும் வாரம் அது. எம்.டி.யிடம் இந்த இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலோர் விட்டுவிடுவது. இப்போது ஆஃபர் லெட்டர் கொடுத்து ஜூலை, ஆகஸ்டில் சேரப் போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா? அந்தக் கடிதத்தில் வேலை இடம் கிண்டி என்றுதானே இருக்கும்? கம்பெனி மெயில் இல்லாததால் உங்கள் அறிவிப்பு அவர்களுக்குப் போகாது. அதே மாதிரி பிரசவ விடுப்பில் இருப்பவர்கள், வாடிக்கையாளர் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள்.

---

அட்மின் டெஸ்க் | ஜூன் 9, மாலை 4:40

ஆஃபர் கொடுத்து இன்னும் சேராதவர்கள் ஐந்து பேர். பிரசவ விடுப்பில் மூன்று பேர். எனக்குத் தோன்றவே இல்லை.

எம்.டி.யிடம் பேசிவிட்டேன். ஆடிக் கணக்கைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "நான் ஆடியில் மாறக் கூடாது என்று ஆவணிக்குத் தள்ளுவேன், அவர்களை மட்டும் ஆடியில் வீடு மாறச் சொல்வேனா" என்றார். நாளைக்கே அறிவிக்கலாம் என்று சொல்லிவிட்டார். மேனேஜர்களுக்கு 11 மணி, மெயில் 3 மணி.

மெயில் வரைவு கீழே. கிழித்துப் போடுங்கள்.

*அன்புள்ள அனைவருக்கும், நமது நிறுவனத்தின் வளர்ச்சிப் பயணத்தில் மற்றுமொரு மைல்கல்லாக, நவீன வசதிகளுடன் கூடிய புதிய அலுவலகத்திற்கு நாம் இடம்பெயர இருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். புதிய அலுவலகம் சோழிங்கநல்லூரில் அமைந்துள்ளது. போக்குவரத்து உள்ளிட்ட விவரங்கள் விரைவில் தெரிவிக்கப்படும்.*

---

நைட்ஷிப்ட் நரி | ஜூன் 9, மாலை 5:30

செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவனிடம் "மகிழ்ச்சியுடன்" என்றால் அடிக்க வருவான்.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 9, மாலை 6:05

நரி சொன்னது சரி. மைல்கல், வளர்ச்சிப் பயணம் எல்லாம் வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் வையுங்கள். ஊழியருக்கு என்றால் நான் இப்படி எழுதுவேன்:

*நம் அலுவலகம் கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாறுகிறது. ஆகஸ்ட் 17-க்கு முன்னால் மாறாது. உறுதியான தேதியை ஜூலை 17 அன்று சொல்வோம்.*

*இது பலருக்குப் பயணத்தைக் கூட்டும் என்று தெரியும். இப்போதைய இடத்தின் லீஸ் முடிகிறது, அதைப் புதுப்பிக்கவில்லை.*

*கேப் எந்தெந்தப் பகுதிக்கு வரும் என்பதை ஜூன் 19 அன்று சொல்வோம். வேலை நேரம் மாறுமா என்பதை ஜூலை 3 அன்று சொல்வோம்.*

*நீங்கள் இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: இணைத்துள்ள படிவத்தில் உங்கள் வீட்டுப் பகுதியையும் இப்போது எப்படி வருகிறீர்கள் என்பதையும் ஜூன் 15-க்குள் நிரப்புங்கள்.*

*கேள்விகளை உங்கள் மேனேஜரிடமோ, அட்மின் மேஜையிலோ கேளுங்கள். எல்லாப் பதில்களும் ஒரே பக்கத்தில் இருக்கும், லிங்க் கீழே.*

லீஸ் காரணம் நானாக ஊகித்து எழுதியது, உண்மைக் காரணம் எதுவோ அதைப் போடுங்கள். காரணம் சொல்லவில்லை என்றால் ஆட்குறைப்பு என்று ஒரு கதை கிளம்பும்.

கேப் விவரத்தை ஜூன் 19-க்குப் போட்டதற்கும் காரணம் உண்டு. பெரும்பாக்கத்தில் வீடு பார்ப்பதா, மேடவாக்கத்திலா என்பதை கேப் எங்கே வரும் என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அதை ஜூலையில் சொன்னால் சீக்கிரம் அறிவித்ததே வீண். கேப் வெண்டருக்கு இன்று மாலையே போன் போடுங்கள். பத்து நாளில் முழு ரூட் போட முடியாது. எந்தப் பகுதி வரை என்ற எல்லையை மட்டும் 19-க்குள் வாங்குங்கள். முழு ரூட்டுக்கு மூன்று வாரம் கொடுங்கள்.

---

ரெண்டாவது மாடி | ஜூன் 9, மாலை 6:30

ஒரே பக்கம் என்றால்? வாட்ஸ்அப் குரூப் போதாதா? எல்லோரும் அங்கேதானே இருக்கிறார்கள்.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 9, மாலை 7:00

வாட்ஸ்அப்பில் போட்டது போட்டதுதான். ஜூன் 19 அன்று ஒரு ரூட் படம் போடுவீர்கள், ஜூலையில் திருத்தி இன்னொன்று போடுவீர்கள். முதல் படத்தை யாரோ டீம் குரூப்புக்கு ஃபார்வர்ட் செய்திருப்பார். ஆகஸ்ட் 16 அன்று இரவும் அந்தப் பழைய படம் உயிரோடு சுற்றும். அதனால் விவரம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும், மேலே "கடைசியாகத் திருத்தியது" என்று தேதி. மெயில், வாட்ஸ்அப், நோட்டீஸ் போர்டு எல்லாம் அந்தப் பக்கத்துக்கு வழி காட்டினால் போதும். ரூட்டைப் படமாக அனுப்பாதீர்கள், லிங்க்காக அனுப்புங்கள்.

ஒரே ஒரு செய்திக்கு மட்டும் வாட்ஸ்அப்தான் சரி. ஆகஸ்ட் 16 ஞாயிறு மாலை 6 மணிக்கு: நாளை எந்த கேட், எத்தனை மணி, வழி தெரியாவிட்டால் யாருக்கு போன். மூன்று வரிக்கு மேல் கூடாது. அன்று யாரும் மெயில் திறக்க மாட்டார்கள்.

திருப்பூர் மேடம் சொன்ன பின் கேட்டை மறக்காதீர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், டிரைவர் என்று 34 பேருக்கு உங்கள் மெயில் போகாது.

---

திருப்பூர் ஹெச்ஆர் | ஜூன் 9, இரவு 8:20

எங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களும் 34 பேர்! சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களுக்கு முதல் கேள்வி எந்த கேட் என்பதாக இருக்காது. "எங்களையும் அங்கே கூட்டிப் போவீங்களா?" என்பதுதான். கிண்டிக்குப் பக்கத்திலிருந்து நடந்து வருகிறவர்கள் இருப்பார்கள். காண்ட்ராக்டர் அங்கே புது ஆட்களைப் போடப் போகிறாரா என்று முதலில் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பதில் இல்லாமல் அவர்கள் முன்னால் போய் நிற்காதீர்கள். அதே சமயம், மெயில் போன பிறகு இரண்டு நாள் கழித்து அவர்களுக்குச் சொல்வதும் கூடாது. எல்லா மேஜையிலும் பேசுவது அவர்கள் காதில் விழும்.

---

அட்மின் டெஸ்க் | ஜூன் 12, மாலை 5:50

நடந்ததைச் சொல்கிறேன்.

புதன் 11 மணிக்கு மேனேஜர்கள். அங்கே வந்த கேள்விகளில் நான்குக்கு எங்களிடம் பதில் இல்லை. அதில் ஒன்று, "கிண்டி ரயில் சீசன் டிக்கெட்டை மூன்று மாதத்துக்கு எடுத்தவர்கள் என்ன செய்வது". சின்ன விஷயம், ஆனால் எம்.டி.யே கவலைப்பட்டார். ஜூலையிலிருந்து மாதச் சீசன் எடுங்கள் என்று விவரப் பக்கத்தில் போட்டோம்.

3 மணிக்கு மெயில். நைட் ஷிப்டுக்கு மேனேஜர் இரவு 10 மணிக்கு நேரில் சொன்னார், நானும் போயிருந்தேன். மெயிலை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், ஆனால் ஆள் வந்து நின்றதில் பாதிக் கோபம் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. இரவு கேப் நேரம் எவ்வளவு கூடும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர் 11 பேரில் ஏழு பேரை அங்கே கூட்டிப் போகிறார், நான்கு பேருக்கு வேறு ஆபீஸில் இடம் தருவதாகச் சொல்கிறார். 2:45-க்கு பேன்ட்ரியில் நின்று அவர்களுக்குச் சொன்னேன். அதில் ஒரு அக்கா, "எங்களுக்குப் போன வாரமே தெரியும் கண்ணு, நாற்காலி அளக்க ஒருத்தர் வந்தாரே, அவர்கிட்ட கேட்டோம்" என்றார்.

சேரப் போகிற ஐந்து பேருக்கும் ரிக்ரூட்டர் போன் செய்தார். ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். எம்.டி. முகம் சுருங்கியது, ஆனால் ஆகஸ்டில் சொல்லியிருந்தால் சேர்ந்த பிறகு போயிருப்பார் என்று அவரே சொன்னார்.

---

வேளச்சேரிக்காரர் | ஜூன் 12, மாலை 6:40

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை ஒரு சின்னச் சோதனை. லிஃப்டில், டீக்கடையில் என்று யாராவது ஆறு பேரிடம் பேச்சு வாக்கில் கேளுங்கள்: எங்கே மாறுகிறோம், எப்போது, ஜூன் 15-க்குள் நீங்கள் என்ன செய்யணும்? மூன்றாவதற்குப் பதில் தெரியாதவர் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் மெயிலைத் திரும்ப அனுப்பாதீர்கள், அதே மெயிலை யாரும் இரண்டாவது தடவை படிப்பதில்லை. மேனேஜர்களிடம் நிரப்பாதவர்கள் பட்டியலைக் கொடுத்து வாயால் சொல்லச் சொல்லுங்கள்.

---

அட்மின் டெஸ்க் | ஜூன் 15, மதியம் 12:30

ஆறு பேரில் நான்கு பேருக்குப் படிவம் பற்றித் தெரியவில்லை! மெயிலைத் திறந்ததும் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டு கூகுள் மேப்பில் தூரம் பார்க்கப் போய்விட்டார்களாம். இதுவரை நிரப்பியது 180-க்கு 97. பட்டியல் மேனேஜர்களிடம் போய்விட்டது. கெடுவை நாளை மாலை வரை நீட்டியிருக்கிறேன், பக்கத்திலும் திருத்திவிட்டேன்.

கேப் வெண்டர் எல்லை கொடுத்துவிட்டார், தாம்பரத்துக்குத் தெற்கே வர மாட்டேன் என்கிறார். செங்கல்பட்டிலிருந்து வருகிறவர்கள் 12 பேர். தாம்பரத்தில் ஏற்றிக்கொள்ளலாமா, தனி வண்டி கேட்கலாமா என்று எம்.டி.யும் ஃபைனான்ஸும் இன்னும் முட்டிக்கொள்கிறார்கள். 19-ம் தேதிக்கு நான்கு நாள்தான் இருக்கிறது.

---

நைட்ஷிப்ட் நரி | ஜூன் 15, மாலை 6:55

முடிவு வராவிட்டாலும் 19 அன்று "செங்கல்பட்டுக்கு இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று போட்டுவிடுங்கள் மேடம். அந்த 12 பேரில் யாராவது இப்போதே வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் எழுதிக்கொண்டிருப்பார்.